ஆப்ஷன் கணக்கு: மார்ச்சா, ஏப்ரலா?

குழு: மிட்ராண்ட் தமிழ்க் குடும்பங்கள்
15 மார்ச் 2025, சனிக்கிழமை

முரளி, 9:02
பங்குனி உத்திரத்துக்கு வேன் ஏற்பாடு செய்கிறேன். ஏப்ரல் 11, வெள்ளிக்கிழமை. 14 இடம்தான் இருக்கிறது. வருகிறவர்கள் பெயர் கொடுங்கள்.

நித்யா, 9:15
முரளி அண்ணா, எங்களுக்கு மூன்று இடம். குழுவில் வேறு ஒரு சந்தேகமும் கேட்க வேண்டும். சென்னையில் வேலை பார்த்த கம்பெனியில் எனக்கு 4,800 ஆப்ஷன் கொடுத்திருந்தார்கள். டிசம்பர் 20-ஆம் தேதி வேலையை விட்டுவிட்டு இங்கே வந்தேன். என் கணக்குப்படி 4,400 எனக்குச் சேர வேண்டும். கம்பெனித் தளத்தில் 3,900 என்று காட்டுகிறது. 500 ஆப்ஷன் எங்கே போனது?

கமலா ஆன்ட்டி, 9:21
வணக்கம் மகளே. நானும் டர்பனில் கடையில் வேலை செய்தபோது எங்களுக்கு ஷேர் கொடுத்தார்கள். வருடா வருடம் டிவிடெண்ட் வரும். உனக்கு இந்த வருடத்து டிவிடெண்ட் வந்துவிட்டதா?

நித்யா, 9:23
ஆன்ட்டி, என்னிடம் இன்னும் ஷேரே இல்லை. பழைய விலைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்ற உரிமை மட்டும்தான். வாங்கினால்தான் ஷேர், அதற்குப் பிறகுதான் டிவிடெண்ட்.

கமலா ஆன்ட்டி, 9:24
அப்படியா. எங்களுக்குச் சும்மாவே கொடுத்தார்கள்.

சேகர், 9:30
நித்யா, எண்ணிக்கை அப்புறம். வெஸ்டிங் ஆன அன்றே, அதாவது ஆப்ஷன் உனக்கு உறுதியாகச் சேர்ந்த அன்றே, வரி கட்டியாகிவிட்டதா, அதை முதலில் பார். எனக்கு இங்கே ஒவ்வொரு வெஸ்டிங் தேதியிலும் ஆபீஸ் தென்னாப்பிரிக்க வரித்துறையான சார்ஸிடம் உத்தரவு வாங்கி, வரிக்கு ஈடாகப் பாதி ஷேரை விற்றுவிட்டுத்தான் மீதியைக் கொடுக்கும். நீ நான்கு வருடம் வரியே கட்டாமல் இருந்தால் சிக்கல்.

நித்யா, 9:31
ஐயோ, நான் எதுவும் கட்டவில்லை அண்ணா!

வசந்தா, 9:48
நித்யா, பயப்படாதே. சேகருக்கு வருவது கட்டுப்பாட்டோடு கொடுத்த ஷேர். கட்டுப்பாடு நீங்கும் நாளில் தென்னாப்பிரிக்காவில் அதற்கு வரி. உன்னுடையது இந்திய ஆப்ஷன். அங்கே வெஸ்டிங் நாளில் வரி கிடையாது. பணம் கட்டி ஷேரை எடுக்கும்போதுதான் வரி. சென்னையில் ஆறு வருடம் சம்பளப் பிரிவில் இந்த வேலையைத்தான் செய்தேன். ஒதுக்கீட்டுக் கடிதத்தைப் போடு. முதல் பக்கம் வேண்டாம், அட்டவணை இருக்கும் பக்கம் மட்டும்.

நித்யா, 10:05
[படம்]
இரண்டாம் பக்கம் இது அக்கா. வேலையில் சேர்ந்தது 18 ஏப்ரல் 2021. டிசம்பர் வரை 44 மாதம். மாதத்துக்கு 100 என்றால் 4,400 வருகிறதே.

வசந்தா, 10:17
நீ சேர்ந்த தேதியிலிருந்து எண்ணுகிறாய். கடிதத்தில் மேலே "ஒதுக்கீட்டு நாள் 1 ஜூலை 2021" என்று இருக்கிறது, பார். கடிகாரம் அன்றுதான் ஓட ஆரம்பிக்கிறது. ஒதுக்கீட்டுக்கும் முதல் வெஸ்டிங்குக்கும் நடுவில் ஒரு வருடமாவது இருக்க வேண்டும் என்பது இந்தியக் கம்பெனிச் சட்டத்தின் விதி. அதனால் 1 ஜூலை 2022-இல் மொத்தமாக 1,200 வந்தது.

நித்யா, 10:19
சரி, அதற்குப் பிறகு 29 மாதம். 1,200-உடன் 2,900. 4,100 ஆகிறது. அப்போதும் 200 குறைகிறதே?

வசந்தா, 10:24
அட்டவணையின் கடைசி வரியைப் படத்தைப் பெரிதாக்கிப் படி. "ஒவ்வொரு காலாண்டு முடிவிலும் 300" என்றுதானே இருக்கிறது? மாதம் 100 என்பதும் காலாண்டுக்கு 300 என்பதும் கூட்டினால் ஒன்றுதான், ஆனால் நடுவில் விலகுகிறவருக்கு ஒன்றில்லை. அக்டோபர் 2022 முதல் அக்டோபர் 2024 வரை ஒன்பது காலாண்டு, 2,700. அதோடு 1,200. ஆக 3,900. கம்பெனி சொன்னது சரி.

நித்யா, 10:26
அடுத்தது எப்போது வந்திருக்கும்?

வசந்தா, 10:26
ஜனவரி 1.

நித்யா, 10:27
பன்னிரண்டு நாள் அக்கா! விமான டிக்கெட் மலிவாகக் கிடைத்தது என்று டிசம்பர் 20-ஐக் கடைசி நாளாக எழுதிக் கொடுத்தேன். 300 ஆப்ஷன் போயிற்று.

சேகர், 10:33
போனதை விடு. அடுத்த ஆபத்தைக் கவனி. வேலையை விட்டால் 90 நாள்தான் அவகாசம். டிசம்பர் 20-லிருந்து எண்ணினால் மார்ச் 20. இன்னும் ஐந்து நாள்! திங்கட்கிழமையே பணத்தைக் கட்டிவிடு. இல்லாவிட்டால் 3,900-உம் காலாவதி.

வசந்தா, 10:41
சேகர் சொல்வதில் பாதி உண்மை. அவகாசம் தாண்டினால் எல்லாம் போய்விடும். பல கம்பெனிகள் 90 நாள்தான் வைக்கின்றன என்பதும் சரி. ஆனால் நாள் கணக்கை ஊர் வழக்கத்தில் பார்க்கக் கூடாது, திட்ட ஆவணத்தில் பார்க்க வேண்டும். நித்யா, அதில் ராஜினாமா என்ற தலைப்பின் கீழ் என்ன எழுதியிருக்கிறது?

நித்யா, 11:10
தேடி எடுத்தேன். "கடைசி வேலை நாளிலிருந்து ஆறு மாதம்." அப்படியென்றால் ஜூன் 20 வரைக்குமா?

வசந்தா, 11:12
ஆமாம். ஆனால் கடைசி நாள் வரை இழுக்காதே. விண்ணப்பம், பணம் இரண்டும் அதற்கு முன்பே அவர்கள் கையில் இருக்க வேண்டும்.

நித்யா, 11:15
விலை ஆப்ஷனுக்கு 40 ரூபாய். 3,900-க்கு 1,56,000. அது இருக்கிறது. அவ்வளவுதானே?

வசந்தா, 11:29
அவ்வளவு இல்லை. தளத்தில் நியாயச் சந்தை மதிப்பு என்று ஒன்று போட்டிருப்பார்கள். பங்குச் சந்தையில் இல்லாத கம்பெனிக்கு மெர்ச்சன்ட் பேங்கர் மதிப்பிட்டுச் சொன்ன விலை அது. எவ்வளவு, எந்தத் தேதி?

நித்யா, 11:31
310 ரூபாய். 30 செப்டம்பர் 2024.

வசந்தா, 11:44
310-இல் 40 போனால் 270. 270-ஐ 3,900-ஆல் பெருக்கு. 10,53,000 ரூபாய். இதுதான் பெர்க்விசிட். ஒரு ரூபாய்கூடக் கையில் வராவிட்டாலும் சம்பளமாகவே கருதி வரி போடுவார்கள். ஏப்ரலிலிருந்து டிசம்பர் வரை உன் சம்பளம் எவ்வளவு?

நித்யா, 11:46
28 லட்சம்.

வசந்தா, 11:52
அப்படியானால் இந்த நிதியாண்டில் எடுத்தால் பெர்க்விசிட் முழுவதும் 30 சதவீதத்தில் விழும். செஸ் சேர்த்து 31.2. வரி மட்டும் 3,28,536. சம்பளத்தில் பிடிக்க நீ இப்போது அங்கே இல்லை, எனவே ஷேர் பணத்தோடு சேர்த்து உன்னிடமே கேட்பார்கள். மொத்தம் 4,84,536 ரூபாய். ஏறக்குறைய ஒரு லட்சம் ரேண்ட். கையில் வருவது விற்க முடியாத ஷேர்.

நித்யா, 11:54
நான் 1,56,000-ஐ மட்டும் எடுத்து வைத்திருந்தேன்.

வசந்தா, 12:10
அதனால்தான் அந்த ஆறு மாதம் உனக்குப் பெரிய வரம். பெர்க்விசிட் எந்த நிதியாண்டில் ஷேர் உன் பெயருக்கு வருகிறதோ அந்த ஆண்டின் வருமானம். ஏப்ரல் 1-க்குப் பிறகு எடுத்தால் அடுத்த ஆண்டுக் கணக்கு. இந்தியாவில் உனக்கு அப்போது வேறு வருமானம் உண்டா?

நித்யா, 12:11
வாடகைகூட இல்லை. வீடு மாமனார் பெயரில்.

சேகர், 12:14
அப்படியென்றால் வரியே இல்லை! பிப்ரவரி பட்ஜெட்டில் 12 லட்சம் வரைக்கும் வரி இல்லை என்று சொன்னார்களே.

வசந்தா, 12:26
அந்தத் தள்ளுபடி இந்தியாவில் வசிப்பவர்களுக்கு மட்டும். அடுத்த ஆண்டு நித்யா வெளிநாட்டில் வசிப்பவர். படிநிலை விகிதம் மட்டும் கிடைக்கும். 10,53,000-இல் நிலைக்கழிவு 75,000 போனால் 9,78,000. முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை, அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம், மீதிக்கு 10. வருவது 37,800, செஸ் சேர்த்து 39,312.

நித்யா, 12:28
3,28,000 எங்கே, 39,000 எங்கே! சேகர் அண்ணா பேச்சைக் கேட்டுத் திங்கட்கிழமை கட்டியிருந்தால்?

சேகர், 12:29
நான் நல்லதற்குத்தான் சொன்னேன்.

வசந்தா, 12:43
ஒரு முள்ளும் இருக்கிறது. ஷேரை எடுக்கும் நாளுக்கு முன் 180 நாளுக்குள் செய்த மதிப்பீடுதான் செல்லும். செப்டம்பர் 30-லிருந்து 180-ஆவது நாள் மார்ச் 29. எனவே ஏப்ரலில் இந்த 310 செல்லாது, புது மதிப்பு வரும். நடுவில் கம்பெனிக்கு முதலீடு வந்திருந்தால் ஏறும்.

நித்யா, 12:45
இரண்டு மடங்கு ஆகிவிட்டால்?

வசந்தா, 1:02
போட்டுப் பார்த்தேன். 620 என்றால் பெர்க்விசிட் 22,62,000. வரி செஸ்ஸோடு 2,56,620. அப்போதும் இப்போது கட்டுவதைவிடக் குறைவுதான். ஆனால் கம்பெனி உன் விஷயத்தைத் தனியாகப் பார்க்காமல் எல்லோருக்கும்போல 31.2-ஐப் பிடித்துவிடலாம். எனக்குத் தெரிந்த ஓர் இடத்தில் முன்னாள் ஊழியர்களுக்கு அப்படித்தான் செய்வார்கள். ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம், ஆனால் அதுவரை பணம் முடங்கும்.

சேகர், 1:10
சரி, இந்தியா போகட்டும். ஏப்ரலில் நித்யா இங்கே உட்கார்ந்துகொண்டு எடுக்கிறாள். சார்ஸ் சும்மா இருக்குமா?

வசந்தா, 1:25
இது நல்ல கேள்வி, சேகர். நாள் கணக்கு விதி அவளைப் பிடிக்காது. இந்த வருடமும் முந்தைய ஐந்து வருடங்களிலும் ஒவ்வொன்றிலும் 91 நாளுக்கு மேல், அந்த ஐந்திலும் சேர்த்து 915 நாளுக்கு மேல் இருந்திருக்க வேண்டும். ஆனால் அதற்கு முன்பே "இதுதான் இனி என் ஊர்" என்று வந்தவரை முதல் நாளிலிருந்தே உள்ளூர்க்காரர் என்று எடுத்துக்கொள்வார்கள். நித்யா, நீங்கள் எதற்காக வந்தீர்கள்?

நித்யா, 1:27
அவருக்கு மூன்று வருட ஒப்பந்தம். அதற்குப் பிறகு என்ன என்று எங்களுக்கே தெரியாது. பையனைப் பள்ளியில் சேர்த்துவிட்டோம்.

வசந்தா, 1:31
அந்தப் பதிலை வைத்து நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். உழைத்தது முழுக்க இந்தியாவில் என்பது உன் பக்கம் இருக்கிறது, இரு நாட்டு வரி ஒப்பந்தமும் இருக்கிறது. பதிவு பெற்ற வரி ஆலோசகர் ஒருவரிடம் கடிதத்தோடு போய்க் கேள்.

17 மார்ச், திங்கட்கிழமை

நித்யா, 4:40
கம்பெனி பதில் வந்தது. புது மதிப்பீடு ஏப்ரல் நடுவில் தயாராகுமாம். விலையைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. வரி எந்த விகிதத்தில் பிடிப்பார்கள் என்று கேட்டதற்கு, "நிதிப் பிரிவிடம் கேட்டுச் சொல்கிறோம்."

சேகர், 4:52
பாதியை இப்போதே 310-இல் எடுத்துவிடேன். இரண்டு பக்கமும் பாதுகாப்பு.

வசந்தா, 5:03
பாதிக்கே இப்போது 1,64,268 வரி. அதற்குப் பெயர் பாதுகாப்பா? அதைவிடப் பெரிய கேள்வி, இந்த ஷேரை எடுத்தே தீர வேண்டுமா என்பது. வாங்க ஆளில்லாவிட்டால் கட்டிய வரி திரும்பாது. நித்யா, கம்பெனி எப்போதாவது ஊழியரிடமிருந்து திரும்ப வாங்கியிருக்கிறதா?

நித்யா, 5:06
2023-இல் ஒரு முறை வாங்கினார்கள். வேலையில் இருந்தவர்களிடம் மட்டும்.

கமலா ஆன்ட்டி, 5:15
இவ்வளவு கணக்கா மகளே. எனக்கு வந்த டிவிடெண்டே போதும்.

முரளி, 5:20
வேனில் இரண்டு இடம்தான் பாக்கி. நித்யா, உங்கள் மூன்றையும் எழுதிவிட்டேன்.