ஊதுபத்திப் பட்டறையை வீடியோ எடுக்கப்போகிறோம், எதுவரை காட்டலாம்?

வணக்கம் நண்பர்களே. வில்லியனூர் பக்கம் சின்னதாக ஊதுபத்திப் பட்டறை நடத்துகிறோம். வேலை நடக்கும் விதத்தை வாடிக்கையாளர்களுக்கு வீடியோவாகக் காட்ட ஆசை. கரித்தூள், மரத்தூள், பசைக்கு ஜிகட் தூள் சேர்த்துத் தண்ணீர் விட்டுப் பிசைவது, மூங்கில் குச்சியில் உருட்டுவது, நிழலில் உலர்த்துவது எல்லாம் ஊரறிந்த வேலை. தாராளமாகக் காட்டலாம். ஐப்பசி மழையில் குச்சி காயாமல் பூசணம் பிடிப்பதையும் காட்டுவோம்.

ரகசியம் வாசனைக் கலவையில்தான். உலர்ந்த குச்சியை அதில் முக்கி எடுக்கிறோம். எண்ணெய்களை நானும் அக்காவும் ஆளுக்குப் பாதியாகக் கலந்து, ‘அ’, ‘ஆ’ என்று மட்டும் எழுதிய கேன்களில் கொடுப்போம். பட்டறையில் இரண்டையும் சேர்ப்பார்கள், அவ்வளவுதான். சோதனையாக எடுத்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் தராசில் தெரியும் எடை, டின்னில் உள்ள சப்ளையர் பெயர், சுவரில் மாட்டிய பில் எல்லாம் படிக்க முடிகிறது. மங்கலாக்கினால் ஏதாவது ஒரு நொடி விட்டுப்போகும். அதனால் கலவை அறைக்குள் கேமராவே போகாமல், முக்குவதிலிருந்து தொடங்கலாம் என்பது என் எண்ணம்.

இந்தியாவில் வணிக ரகசியத்துக்கென்று தனிச் சட்டம் இல்லை. ஒப்பந்தம்தான் பெரிய காவல். நாமே வெளியில் விட்டுவிட்டால் அதுவும் உதவாது.

வீடியோ எடுப்பவரிடமும் வேலையாட்களிடமும் கையெழுத்து வாங்க, எளிய தமிழில் எழுதிய ரகசியக்காப்பு ஒப்பந்த மாதிரி யாரிடமாவது இருக்கிறதா? அப்புறம், முக்கும் தொட்டியில் தெரியும் கலவையின் நிறத்தை வைத்து அனுபவசாலி எதையாவது ஊகிக்க முடியுமா? இந்தத் தொழிலில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.