பாப்பாவுக்குப் பழனியில் முடி இறக்குவது பற்றி

வித்யா: அனைவருக்கும் வணக்கம். சென்ற ஆண்டு பாப்பா டெங்குக் காய்ச்சலில் கிடந்தபோது, ஒரு ரூபாய்க் காசை மஞ்சள் துணியில் முடிந்து முருகன் படத்தின் முன் வைத்து, குணமானதும் பழனிக்கு அழைத்துவந்து முடி இறக்குவதாக வேண்டிக்கொண்டேன். அவளுக்கு இப்போது இரண்டு வயது ஒன்பது மாதம் ஆகிறது. மூன்று முடிவதற்குள் வேண்டுதலை நிறைவேற்ற நினைக்கிறோம். ஆனால் தலையில் தண்ணீர் ஊற்றினாலே தெருவுக்குக் கேட்கும்படி அழுகிறாள். அவளை எப்படி ஆயத்தப்படுத்துவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சேகர் மாமா: மிக நல்ல செய்தி. ஆசாரிக்கு நானே சொல்லிவிடுகிறேன். மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்தினால் பாப்பா அழமாட்டாள். தோடு என்னுடைய பொறுப்பு.

வித்யா: மாமா, அவளுக்குக் காது குத்தி ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டது, தோடும் நீங்கள்தான் வாங்கிக் கொடுத்தீர்கள். இப்போது முடி மட்டும்தான்.

கோமதி பெரியம்மா: முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள். முதல் முடி குலதெய்வத்துக்கு உரியது. உன் மாமனார் வீட்டுக் குலதெய்வக் கோயிலில் இறக்கிவிட்டு, வளர்ந்த பிறகு பழனிக்குப் போவதுதான் முறை. எங்கள் வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கும் அப்படித்தான் செய்தோம்.

மங்களம் அத்தை: பெரியம்மா சொல்வது பல குடும்பங்களில் உள்ள வழக்கம்தான். ஆனால் பழனிக்கு என்று வாய்விட்டு வேண்டி, காசும் முடிந்து வைத்தாயிற்று. குலதெய்வத்துக்கு முதலில் ஒரு சிறு பூமுடி கொடுத்துவிட்டுப் பழனிக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அதை உன் மாமியாரிடம் கேட்டு முடிவு செய். பாப்பாவைப் பழக்குவது பற்றி நான் சொல்கிறேன். நம் வீட்டுப் பிள்ளைகள் பலரை மடியில் பிடித்து உட்கார்ந்தவள் நான்.

வீட்டில் யாராவது, "சாப்பிடாவிட்டால் மொட்டை அடித்துவிடுவேன்" என்று அவளை மிரட்டுகிறீர்களா? அதை இன்றோடு நிறுத்துங்கள். மாதக்கணக்கில் தண்டனை என்று கேட்ட ஒன்றை, திடீரென்று ஒரு நாள் சாமிக்குப் பிரியமானது என்று சொன்னால் எந்தக் குழந்தை நம்பும்?

வித்யா: அவளுடைய தாத்தா தினமும் அதைத்தான் சொல்கிறார் அத்தை. இன்றே சொல்லிவிடுகிறேன்.

பிரபு: அக்கா, முதல் நாள் இரவு தலையில் நல்லெண்ணெய் நன்றாக ஊற வைத்தால் முடி மெத்தென்று ஆகி, கத்தி வழுக்கிக்கொண்டு போகும். புறப்படும் முன் டி.டி. ஊசியும் கட்டாயம் போட்டுவிடு.

மங்களம் அத்தை: பிரபு, முடி மெத்தென்று ஆக வேண்டும் என்பது சரி, ஆனால் அதைச் செய்வது தண்ணீர். எண்ணெய் படிந்த முடிக்குள் தண்ணீர் இறங்காது. சிரைப்பவரின் விரலும் வழுக்கும். ஆகவே முந்தின நாளே சீயக்காய் போட்டு எண்ணெயை எடுத்துவிட்டுச் சிக்கெடுத்து வையுங்கள். ஊசியைப் பொறுத்தவரை, 16 முதல் 24 மாதத்துக்குள் போடும் முத்தடுப்பூசியின் ஊக்கத் தவணை வரைக்கும் அட்டையில் குறித்திருந்தால் இதற்கென்று தனி ஊசி வேண்டியதில்லை. தலையில் சிரங்கோ புண்ணோ இருந்தால் மட்டும் ஆறும்வரை தள்ளிப்போடு.

இப்போது முக்கியமானதற்கு வருகிறேன். பெரும்பாலான குழந்தைகள் கத்தி படும்போது அழுவதில்லை. முன்பின் தெரியாத ஒருவர் குளிர்ந்த தண்ணீரைத் தலையில் தெளித்துத் தேய்க்கும்போதே அழத் தொடங்கிவிடுகிறார்கள். அந்த அழுகையில் தலையை ஆட்டும்போதுதான் கீறல் விழுகிறது. எனவே ஒரு பத்து நாள், பாப்பாவை உன் மடியில் வெளிப்பக்கம் பார்த்தபடி உட்கார வைத்து, வெதுவெதுப்பான தண்ணீரைக் கையால் தொட்டு உச்சந்தலையில் தேய்த்து, சீப்பின் பின்புறத்தால் மெல்ல இழுத்து விளையாடு. போகும்போது பிளாஸ்கில் வெந்நீர் எடுத்துப் போய், விளாவிக் கொடுத்து, அதில் நனைக்கச் சொல். சில நிமிடங்கள் நன்றாக ஊறினால் முடி இழுபடாது. நனையாத இடத்தில்தான் கத்தி பிடித்து இழுக்கும்.

பிரபு: நான்தான் தாய்மாமன், என் மடியில்தானே உட்கார வேண்டும்?

மங்களம் அத்தை: உன் மடியில்தான். ஆனால் உன்னை அவள் மாதம் ஒருமுறைதான் பார்க்கிறாள், ஆகவே முதல் நாளே வந்து அவளோடு இரு. உன் இடக்கை அவளுடைய இரண்டு கைகளையும் சேர்த்து அணைத்திருக்கட்டும். வித்யா எதிரில் உட்கார்ந்து, இரு கன்னங்களையும் ஏந்தி, முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருக்கட்டும். காதுக்குப் பின்புறமும் பிடரியும்தான் கீறல் விழும் இடங்கள். அங்கே கத்தி வரும்போது பேச்சை நிறுத்தாமல் தலையை மட்டும் அசையாமல் பிடியுங்கள். அதையும் மீறித் திமிறினால், கொஞ்சம் நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள். பாதித் தலையோடு தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்த பிள்ளைகள் எத்தனையோ பேர்.

சுமதி அண்ணி: என் மகனுக்கு முடி இறக்கிய அன்று அவன் அழவே இல்லை. அவன் அப்பா முதலில் மொட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார், அவரைப் பார்த்துத்தான் ஓவென்று கத்தினான். மாலை வரை அவரிடம் போகவில்லை.

மங்களம் அத்தை: அதனால்தான் அப்பாவும் முடி கொடுப்பதாக இருந்தால் பாப்பாவின் கண் முன்னாலேயே உட்கார வேண்டும். முடி விழுவதைப் பார்த்த பிள்ளைக்கு அவர் அதே அப்பாதான் என்று புரியும்.

வித்யா: பிளேடு பற்றித்தான் எனக்குப் பயம்.

மங்களம் அத்தை: பயப்பட வேண்டிய இடம் அதுதான். ஒருவருக்குப் பயன்படுத்திய பிளேடு அடுத்தவருக்கு வந்தால், கண்ணுக்குத் தெரியாத சிறு கீறல் வழியாகவே மஞ்சள் காமாலைக் கிருமி பரவலாம். புதிய பிளேடை உறையிலிருந்து பிரித்து உங்கள் முன்னால் கத்தியில் பொருத்துகிறாரா என்று பிரபு பார்க்கட்டும். கையில் ஒன்றிரண்டு புதிய பிளேடுகளும் வைத்துக்கொள்ளுங்கள்.

சேகர் மாமா: கட்டணம் எவ்வளவு? சில்லறை மாற்றி வைக்கவா?

சுமதி அண்ணி: அறநிலையத் துறைக் கோயில்களில் 2021 செப்டம்பரிலிருந்து முடிக்காணிக்கைக்குக் கட்டணம் இல்லை மாமா. ஆனாலும் குழந்தையைப் பொறுமையாகப் பார்த்தவருக்கு நாங்கள் கொடுத்தோம்.

கோமதி பெரியம்மா: கட்டணம் இல்லை என்று அரசு சொன்ன பிறகு எதற்குக் கொடுப்பது? நீங்கள் கொடுப்பதால்தான் இல்லாதவர்களிடமும் எதிர்பார்க்கிறார்கள்.

பிரபு: சந்தனத்தை மொட்டையடித்த உடனே பூசிவிட வேண்டும், கீறலும் ஆறிவிடும் என்கிறார்களே?

மங்களம் அத்தை: கீறல் இருந்தால், சுத்தமான துணியால் ஐந்து நிமிடம் அழுத்திப் பிடித்து, இரத்தம் நின்ற பிறகு அந்த இடத்தை விட்டுவிட்டு மற்ற இடங்களில் பூசுங்கள். முதலில் தலைக்கு ஊற்றி, கழுத்திலும் முதுகிலும் ஒட்டிய முடியைப் போக்குங்கள், இல்லாவிட்டால் நமைச்சலில் நாள் முழுவதும் அழுவாள். வாசனைத்தூள் கலந்த சந்தனம் சில பிள்ளைகளின் தோலுக்கு ஒத்துக்கொள்வதில்லை, ஆகவே வீட்டில் இழைத்த சந்தனத்தை ஒரு சிறு டப்பாவில் கொண்டுபோ. ஒரு தொப்பியும் வேண்டும். இதுவரை வெயிலே படாத தோல் அது.

படம் எடுப்பதையெல்லாம் அடிவாரத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். மலைக்கோயிலுக்குக் கைபேசி கொண்டுபோக 2023 அக்டோபரிலிருந்து தடை இருக்கிறது.

வித்யா: அடுத்த மாதம் கிருத்திகை அன்று போகலாம் என்று அவர் சொல்கிறார்.

மங்களம் அத்தை: கிருத்திகைக் கூட்டத்தில் முடிக்காணிக்கை மண்டபத்தில் காத்திருந்தே பாப்பா களைத்துவிடுவாள். கிருத்திகையோ சஷ்டியோ இல்லாத ஒரு வார நாளாகப் பார்த்து, அவள் தூங்கி எழுந்து சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஆன பிறகு உட்கார வையுங்கள். ரோப் கார் பராமரிப்புக்காக நிறுத்தப்படும் நாள்களும் உண்டு, அதை முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்; அது ஓடாவிட்டால் வின்ச்சில் கூட்டம் இரட்டிப்பாகும்.

கோமதி பெரியம்மா: குலதெய்வம் பற்றி உன் மாமியார் என்ன சொன்னார்?

வித்யா: இன்னும் கேட்கவில்லை பெரியம்மா. இன்று இரவு பேசுகிறேன். மஞ்சள் துணியை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டேன்.