புதுப்பிப்பு: ஏற்காட்டில் கரண்ட் போய்க் கெடு தவறியது, அவகாசம் கிடைத்தது

என் கேள்வி: "இரண்டு நாளாகக் கரண்டும் இல்லை, டவரும் இல்லை. ஆன்லைன் வகுப்பு ஆசிரியரிடம் அவகாசம் எப்படிக் கேட்பது?"

கட்டுரை தர மூன்று நாள் அவகாசம் கிடைத்தது. எல்லோருக்கும் நன்றி. மின்தடைப் புகார் எண் வந்த குறுஞ்செய்தியை இணைக்கச் சொன்ன அக்காவின் யோசனைதான் கைகொடுத்தது. நல்லவேளை, டவர் பேட்டரி தீருமுன் புகார் பதிந்திருந்தோம். அடிவாரத்துக்கு இறங்கி சிக்னல் பிடித்ததும் அந்தக் குறுஞ்செய்தியின் படம், பாதி முடித்த கோப்பு, "வியாழன் இரவு 9 மணிக்குள் தருகிறேன்" என்ற வரி, இவ்வளவுதான் அனுப்பினேன்.

கெடுவுக்கு முன்பே கேட்டால்தான் ஏற்பார்கள் என்றார் ஒரு அண்ணன். முன்பே கேட்பது நல்லதுதான், ஆனால் ஐந்து மணி நேரம் கழித்துக் கேட்டும் ஏற்றார்கள்.

எதிர்பாராத ஒன்று: வகுப்பு நடக்கும் மூடுல் தளத்தில் கட்டுரைக்குத் தேதி மாற்றினால் வினாடி வினாவுக்கு மாறாது. அது பூட்டியே இருந்தது. மறுபடி எழுதித் திறக்கச் சொன்னேன். தாமத மதிப்பெண் குறைப்பு உண்டா என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை.