கணக்கு சரி, பெயிண்ட் மட்டும் தீர்ந்துபோனது: உங்கள் அனுபவம்?

நாலுமணி_வெயில்
12க்கு 10 அறை, உயரம் 10 அடி. சுற்றளவு 44, சுவர் 440 சதுர அடி. கதவு 21, ஜன்னல் இரண்டும் 32. கழித்தால் 387. இரண்டு கோட் என்பதால் 774. டப்பாவில் ஒரு கோட்டுக்கு லிட்டருக்கு 130 சதுர அடி என்று போட்டிருந்தது. வகுத்தால் 5.95. ஆறு லிட்டர் வாங்கினேன். சீலிங் வேறு நிறம், அது தனி.

முதல் கோட் முடிந்தபோதே நாலேகால் லிட்டர் போயிருந்தது. புதுப் பட்டி, குடித்துவிட்டது. இரண்டாவது கோட்டில் மூன்றாவது சுவரில் நாலடி அகலம் வந்ததும் காலி. டப்பாவைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, ஈரம் காயும் அந்த ஓரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த நாள் அதே எண் சொல்லி இரண்டு லிட்டர் வாங்கி மீதியை அடித்தேன். மாலை வெயில் பக்கவாட்டில் விழும்போது அந்தக் கோடு இன்றும் தெரிகிறது.

அரைடப்பா
எனக்கு நேரெதிர். டப்பாவில் லிட்டருக்கு 65 என்று இருந்தது. ஹால் 780 சதுர அடி, அதனால் 12 லிட்டர், இரண்டு கோட்டுக்கு 24 என்று வாங்கிவிட்டேன். 65 என்பதே இரண்டு கோட்டுக்கும் சேர்த்தது என்று கீழே பொடி எழுத்தில் இருந்ததை வேலை முடிந்த பிறகுதான் படித்தேன். 12 லிட்டர் மூடி திறக்காமலே கிடக்கிறது.

பழைய_ரோலர்
நாலுமணி, கதவு ஜன்னலைக் கழித்ததுதான் தப்பு. யாருமே கழிக்க மாட்டார்கள். ஜன்னலின் உள்பக்க ஓரம், ரோலர் குடிப்பது, தட்டில் ஒட்டுவது எல்லாம் அதில்தான் சரியாகும். தரைப் பரப்பை மூன்றரையால் பெருக்கினால் சீலிங்கோடு சேர்த்து மொத்தப் பரப்பே வந்துவிடும், இவ்வளவு அளக்கவும் வேண்டாம்.

நாலுமணி_வெயில்
கழிக்காமல் விட்டிருந்தால் 106 சதுர அடி கூடும், அதாவது 0.8 லிட்டர். எனக்குத் தேவைப்பட்டது ஏழேகால். அப்போதும் அரை லிட்டர் பற்றாது. மூன்றரைக் கணக்கில் என் அறைக்கு 420தான் வருகிறது. சுவரும் சீலிங்கும் சேர்த்து 507.

உப்புத்தாள்
பிரைமர் அடிக்காமல் ஒருமுறை நானும் மாட்டியிருக்கிறேன், அது இருக்கட்டும். நாலுமணியின் அளவில் குறையே இல்லை. இரண்டு கோட்டுக்கும் ஒரே எண்ணால் வகுத்ததில்தான் இடறியது. 387-ஐ நாலேகாலால் வகுத்துப் பாருங்கள்: முதல் கோட் லிட்டருக்கு 91தான் போயிருக்கிறது. டப்பாவில் இருக்கும் 130 பிரைமர் அடித்த வழவழப்பான சுவருக்கானது. உங்கள் இரண்டாவது கோட் ஏறக்குறைய அந்த 130-க்கு வந்துவிட்டது, ஏனென்றால் அதற்குள் முதல் கோட்டே பிரைமர் வேலையைப் பார்த்திருந்தது. விலை கூடிய பெயிண்டைப் பட்டிக்குக் குடிக்கக் கொடுத்தீர்கள்.

நான் செய்வது இது. பிரைமர் காய்ந்ததும் ஒரு லிட்டரை அளந்து ஊற்றி அடிப்பேன். அது எங்கே தீர்கிறதோ அங்கே பென்சில் குறி. அகலத்தை உயரத்தால் பெருக்கினால் இந்தச் சுவரின் எண் கிடைத்துவிடும். முழுக்க வாங்குவது அதற்கப்புறம்தான். ஆனால் கணக்கு தண்ணீர் கலப்பதற்கு முந்தைய பெயிண்டுக்கு. கலந்த பிறகு அளந்தால் எண் பொய் சொல்லும். தண்ணீரை மேலும் ஊற்றி நீட்டினால் பரப்பு கூடும், ஆனால் அடிநிறம் எட்டிப் பார்க்கும், மூன்றாவது கோட் கேட்கும்.

எத்தனை டப்பா ஆனாலும் முதலில் ஒரே வாளியில் கொட்டிக் கலந்துவிடுங்கள். நடுவில் வாங்க நேர்ந்தால் புது டப்பாவை மூலையில் ஆரம்பிக்க வேண்டும், சுவர் நடுவில் கூடாது.

மூன்றரைக் கணக்கு பெரிய ஹாலுக்கு ஏறக்குறைய சரி. 20க்கு 15 என்றால் மொத்தம் 1000, தரையைப் போல 3.3 மடங்கு. 8க்கு 6 அறையில் ஏழு மடங்கை நெருங்கும். அறை சின்னதாக ஆக, தரைக்குச் சுவர் அதிகம்.

பழைய_ரோலர்
எத்தனையோ வீடு மூன்றரையிலேயே முடித்தாயிற்று. பற்றாமல் போனதில்லை.

உப்புத்தாள்
வீடு முழுக்க என்றால் ஒன்றில் குறைவது இன்னொன்றில் ஈடாகியிருக்கும். இவர் அடித்தது ஒரே அறை.

வெள்ளைக்கூரை
சீலிங்குக்கும் இதே எண்தானா? எங்கள் வீட்டில் சொரசொர சீலிங், 120 சதுர அடிக்கு ஒரே கோட்டில் ஒன்றரை லிட்டர் போயிற்று. பாதி என் தலையில்.

நாலுமணி_வெயில்
அப்படியென்றால் உங்களுக்கு லிட்டருக்கு 80.

என்னிடம் முக்கால் லிட்டர் மிச்சம் இருக்கிறது, புது டப்பாவுடையது. மூன்றாவது சுவரில் பழைய டப்பா அடித்த அந்த நாலடி வெறும் 40 சதுர அடிதான். அதன் மேல் மட்டும் அடித்துக் கோட்டை மூலைக்குத் தள்ளிவிடலாமா, இல்லை அங்கே மூன்று கோட், பக்கத்தில் இரண்டு கோட் என்று தனியாகத் தெரியுமா?

அரைடப்பா
என்னிடம் 12 லிட்டர் இருக்கிறது. நிறம்தான் வேறு.