அறுவை சிகிச்சைக்கு முன் பாலிசி வழியாக இரண்டாம் கருத்து: வாங்கியவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். அப்பாவுக்கு இடுப்பில் எல்4-எல்5 டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது, இரண்டு வாரத்தில் ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாம் என்கிறார் டாக்டர். அவசரம் இல்லை என்றும் அவரே சொல்கிறார். எங்கள் ஃபேமிலி ஃப்ளோட்டர் பாலிசியில் இரண்டாம் மருத்துவக் கருத்து இலவசம் என்று இருக்கிறது. ஏஜென்ட் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை, பாலிசி விவரத்தைப் படித்தபோதுதான் கண்ணில் பட்டது.

சில பாலிசிகளில் புற்றுநோய், இதய பைபாஸ் மாதிரி பட்டியலில் உள்ள நோய்களுக்கு மட்டும்தான் இது கிடைக்குமாம். அதனால் முதுகுத்தண்டும் சேருமா என்று கஸ்டமர் கேருக்கு மெயிலில் கேட்டிருக்கிறேன்.

என் கவலை வேறு. எங்கள் பாலிசியில் இன்ஷூரன்ஸ் கம்பெனி ஏற்பாடு செய்யும் டாக்டர் ஆளை நேரில் பார்ப்பதில்லை, அனுப்பும் ரிப்போர்ட்டை வைத்தே எழுதிக் கொடுக்கிறார். அப்பாவுக்குக் கால் கட்டைவிரலைத் தூக்குவதில் பலம் குறைந்திருக்கிறது. அது எம்ஆர்ஐயில் தெரியாது. ஆபரேஷன் இப்போதே வேண்டுமா, பிசியோதெரபி பார்த்துக் காத்திருக்கலாமா என்பதோ பெரும்பாலும் அதைப் பொறுத்தது. ஆகவே ஸ்கேன் சிடியோடு, டாக்டர் பரிசோதித்து எழுதிய குறிப்பையும் கேட்டு வாங்கி அனுப்பப் போகிறேன்.

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்: பதில் வர எத்தனை நாள் ஆனது? நம் கேள்விகளை எழுதி அனுப்பினால் தனித்தனியாகப் பதில் தருகிறார்களா? முக்கியமாக, 'இப்போது வேண்டாம்' என்று கருத்து வந்தும் ஆபரேஷன் செய்தவர்களுக்கு, கேஷ்லெஸ் முன் அனுமதியில் அதைக் காட்டி இழுத்தடித்தார்களா?