பொருள்: பார்லர் பாடக்குறிப்புக்கு ஒரு சொல் (திங்கள் காலை அச்சுக்குப் போகிறது)

கலா, ஈரோடு:
நண்பர்களுக்கு வணக்கம். அழகுக்கலை படித்து முடித்துச் சொந்தமாகப் பார்லர் தொடங்கப்போகும் பெண்களுக்குக் கணக்குப் பாடம் எடுக்கிறேன். குறிப்பில் இரண்டு ஆட்கள் வருகிறார்கள். ஒருவர் வாரம் இரண்டு மாலை வந்து பில்லையும் நோட்டையும் சரிபார்த்து எழுதிவைப்பவர். இன்னொருவர் எந்த வரி, எப்போது, எவ்வளவு என்று முடிவு சொல்பவர். இருவரையும் 'கணக்காளர்' என்றே எழுதிவிட்டேன். வகுப்பில் ஒரு பெண், "ஆடிட்டர்தான் இருக்காரே டீச்சர், அப்புறம் எதுக்கு இன்னொருத்தர்?" என்று கேட்டாள். முதல் ஆளுக்கு ஒரு சொல் வேண்டும்.

செல்வராசன்:
தங்கை கலாவுக்கு, தேடவே வேண்டாம். சோழர் கல்வெட்டுகளில் 'வரிப்பொத்தகம்', 'வரிப்பொத்தகக் கணக்கு' என்று இருவேறு அலுவலர் வருகின்றனர். ஏடு காப்பவர் ஒருவர், கணக்குப் பார்ப்பவர் ஒருவர். ஆயிரம் ஆண்டுக்கு முன்பே பிரித்துவைத்திருக்கிறோம். 'பொத்தகர்' என்று இடுக. பொத்து + அகம், தூய தமிழ்.

ராகவன்:
ஐயா, பொத்தகம் புஸ்தகத்திலிருந்து வந்ததா, புஸ்தகம் பொத்தகத்திலிருந்து வந்ததா என்று இங்கே முன்பே ஒரு முறை சண்டை போட்டாயிற்று. பார்லர் வாசலில் போய் "பொத்தகர் வந்திருக்கிறேன்" என்றால் புத்தகம் விற்க வந்தவர் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கலா, முதலில் வேலையைப் பிரியுங்கள், சொல் பின்னால் வரும். அந்த மாலை ஆளின் முதல் வேலை நாள் முடிவைப் பொருத்துவது. அன்றைய பில் 8,400 ரூபாய் என்று வையுங்கள். பெட்டியில் பணம் 3,400, யுபிஐ 5,150, கூட்டினால் 8,550. மிச்சம் 150 யாருடையது? விசாரித்தால் முடி வெட்டிய பெண்ணுக்கு வாடிக்கையாளர் கொடுத்த டிப்ஸ், ஸ்கேனில் சேர்ந்து வந்துவிட்டது. அது பார்லர் வருமானம் அல்ல, அந்தப் பெண்ணின் பணம். அன்றே எழுதினால் ஒரு வரி. மாதக் கடைசியில் எழுத உட்கார்ந்தால் முப்பது நாள் மிச்சமும் குறையும் ஒன்றையொன்று மூடிக்கொண்டு, கணக்கு சரியாக இருப்பதுபோலவே தெரியும்.

சிவா, யாழ்ப்பாணம்:
'கணக்கப்பிள்ளை' இருக்கே, ஏன் ஒருவரும் சொல்லவில்லை என்று நினைத்தேன். பிறகுதான் உறைத்தது: எங்கட பக்கம் அந்தச் சொல்லைக் கேட்டாலே தேயிலைத் தோட்டமும் கங்காணியும் நினைவுக்கு வரும். வேண்டாம். ஆனால் ஒரு குறை சொல்லவேணும். பேலன்ஸ் ஷீட்டை நாங்கள் இன்றைக்கும் 'ஐந்தொகை' என்று எழுதுறம், நீங்கள் 'இருப்புநிலைக் குறிப்பு' என்று நீட்டுறியள். எது பழசு?

செல்வராசன்:
ஐந்தொகை நகரத்தார் ஏட்டிலும் உண்டு, தம்பி. விட்டது நாங்கள்தான். 'கணக்கு' என்றாலே பழந்தமிழில் நூல். பதினெண்கீழ்க்கணக்கில் கூட்டலா கழித்தலா இருக்கிறது? ஆக 'கணக்கர்' என்றாலே ஏட்டோடு இருப்பவர்தான். 'கணக்காயர்' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள், அது ஆசிரியர்.

மைதிலி, திருப்பூர்:
நான் பார்லர் நடத்துபவள், சொல் பற்றித் தெரியாது. எங்களிடம் மாதம் சேவையில் 1,90,000, ஷாம்பு, கிரீம் விற்பனையில் 30,000 வருகிறது. 40 லட்சம் வரை ஜிஎஸ்டி வேண்டாம் என்று தெரிந்தவர் சொன்னார். அப்படியென்றால் ஆடிட்டர் இப்போதைக்கு வேண்டாம்தானே?

இன்னொன்று. இரண்டு வருடத்துக்கு முன் மூடிய கடைக்கு ஜிஎஸ்டி பதிவு இருந்தது. நோட்டு எழுத வந்தவர் தன் செல் நம்பரையே கொடுத்துவிட்டார். அவர் வேலையை விட்டதும் ஓடிபி எங்களுக்கு வரவில்லை. வரி அலுவலகத்தில் காகிதம் கொடுத்து நம்பரை மாற்றித்தான் உள்ளே போக முடிந்தது.

ராகவன்:
மைதிலி, 40 லட்சம் சரக்கு மட்டும் விற்பவர்களுக்கு. சேவை கலந்தால் 20 லட்சம்தான், அதுவும் இரண்டையும் கூட்டி. உங்களுக்கு ஆண்டுக்கு 26,40,000 ஆகிறது. தாண்டிய நாளிலிருந்து 30 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். இந்த வாரமே ஆடிட்டரைப் பாருங்கள். கலா, வகுப்பில் இதையே அடையாளமாகச் சொல்லலாம்: மாதம் ஒன்றரை லட்சத்தை நெருங்கினாலே போய்க் கேட்டுவிட வேண்டும். 1,67,000 வந்துவிட்டால் ஆண்டுக்கு 20 லட்சம் தாண்டிவிடும். ஆள் பத்து ஆனாலும் இஎஸ்ஐ வந்துவிடும், அப்போதும் கேட்க வேண்டும்.

செல் நம்பர் விஷயம் பாடத்திலேயே சேர வேண்டியது. எழுதுபவர் கையில் நோட்டு இருக்கலாம், ஓடிபியும் பெட்டிச் சாவியும் இருக்கக் கூடாது.

ஆள் இரண்டு ஏன் என்பதற்கு ஒரு கணக்கு. 2025 செப்டம்பர் 22 முதல் பார்லர் சேவைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், ஆனால் அதற்கு வாங்கிய பொருளுக்குக் கொடுத்த வரியை இன்புட்டாக எடுக்க, அதாவது நாம் கட்டும் வரியில் கழித்துக்கொள்ள, முடியாது. அலமாரியில் வைத்து விற்கும் ஷாம்புக்கு எடுக்கலாம். 20,000 ரூபாய்க்கு ஷாம்பு வாங்கினால் வரி 1,000. அதில் 14,000 பேசினில் தலை அலச, 6,000 விற்க. எடுக்கக்கூடியது 300 மட்டும். எது எங்கே போகிறது என்று பெட்டி பிரிக்கும்போதே பில்லில் குறிப்பது எழுதுபவர் வேலை. 300தான் என்று தீர்மானிப்பது ஆடிட்டர் வேலை. சனிக்கிழமை கூட்டத்தில் பேசின் ஷாம்பு தீர்ந்து, விற்பனை பாட்டில் ஒன்றை உடைப்பார்கள். அதை எழுதாவிட்டால் ஆடிட்டர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் தப்பாகத்தான் போடுவார்.

கலா:
ராகவன் அண்ணா, 'பதிவர்' என்று வைத்தால்? பிளஸ் ஒன் பாடநூலே 'கணக்குப்பதிவியல்' தானே.

ராகவன்:
அங்கேதான் சிக்கல். பாடநூலில் அது முழுத் துறைக்குமான பெயர். பதிவதும் அதற்குள், ஆய்வதும் அதற்குள். 'பதிவர்' என்றால் வலைப்பதிவு எழுதுபவர் என்றும் எடுத்துக்கொள்வார்கள். 'கணக்கெழுத்தர்' பரவாயில்லை.

செல்வராசன்:
'எழுத்தர்' அரசு அலுவலகத்துக் குமாஸ்தா. ஏட்டைக் காப்பது எழுதுவது மட்டுமன்று. 'பேரேட்டாளர்' என்றாவது வைக்கலாம்.

சிவா:
பேரேட்டில் ஏற்றுறது பிந்தித்தானே ஐயா? அன்றன்றைக்கு எழுதுறது நாளேடு.

கலா:
வகுப்பில் கேட்டேன். பேரேட்டாளர் என்றதும் சிரித்தார்கள். 'கணக்கெழுத்தர்' என்றதும் ஒருத்தி, "நோட்டு எழுதுற அக்காவா?" என்றாள். தலைப்பில் 'பகுதிநேரக் கணக்கெழுத்தர்', உள்ளே 'கணக்கு எழுதுபவர்' என்று போடுகிறேன். இன்னொருவருக்கு 'ஆடிட்டர்' அப்படியே.

ராகவன்:
26 லட்சத்துப் பார்லருக்கு அவர் பெரும்பாலும் தணிக்கையே செய்வதில்லை. ஆனாலும் ஊரே அப்படித்தான் கூப்பிடுகிறது. சரி, போடுங்கள்.

செல்வராசன்:
என் மறுப்பைக் குறித்துக்கொள்க. 'ஆடிட்டர்' தமிழ் எழுத்தில் எழுதிய ஆங்கிலம். தணிக்கை செய்யாதவரைத் தணிக்கையாளர் என்ற பொருளில் ஆங்கிலத்தில் அழைப்பது இரட்டைப் பிழை. 'கணக்கர்' காலியாகத்தானே இருக்கிறது?

மைதிலி:
ஐயா, நாளை ஆடிட்டரிடம் போகிறேன். பழைய ஷாம்பு பில் எல்லாம் வேண்டுமா, இந்த வருடத்தது போதுமா?