அமிலத் திரிவா, அமில உறைவா? பனீர்க் கையேட்டுக்குச் சொல் வேண்டும்

அனுப்பியவர்: மொழிபெயர்ப்பாளர், மதுரை

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். உசிலம்பட்டிப் பக்கத்து மகளிர் சுய உதவிக் குழுக்களுக்காக, எருமைப்பாலில் பனீர் செய்யும் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அது அச்சகத்துக்குப் போக வேண்டும். பனீர் அமிலத்தால் ஆவதால் சைவம் என்றும், சீஸ், பாலைக் கட்டியாக்கும் ரென்னெட் என்ற பொருளால் ஆவதால் அசைவம் என்றும் மூலத்தில் ஒரு வரி இருக்கிறது. இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே வினைதான். தமிழில் "உறைதல்" என்று எழுதினால் உறைமோர் ஊற்றித் தயிர் எடுப்பதைத்தான் நினைப்பார்கள்; "திரிதல்" என்றாலோ பால் கெட்டுப்போய்விட்டது என்பார்கள். தக்க சொற்களைத் தாருங்கள். அந்த வரி சொல்லும் செய்தி சரிதானா என்பதையும் அறிந்தவர்கள் பார்த்துச் சொல்ல வேண்டுகிறேன்.

அனுப்பியவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மேலூர்

தோன்றல், திரிதல், கெடுதல் என்று புணர்ச்சி விகாரங்களை மூன்றாகப் பிரித்தவர்கள் நம் இலக்கணிகள். திரிதல் வேறு, கெடுதல் வேறு என்பது அங்கேயே தெளிவாகிவிட்டது. ஆகவே "திரிவு" என்று எழுத அஞ்ச வேண்டியதில்லை. இறுகக் கட்டிய தயிரைக் குறுந்தொகை "முளிதயிர்" என்கிறது; முளிதல் என்னும் வினையையும் குழு எண்ணிப் பார்க்கலாம். அமிலம் என்பதற்குக் "காடி" என்ற பழஞ்சொல் இருக்கிறது. எனவே பனீருக்குக் "காடித்திரிவு" என்றும், கன்றின் இரைப்பையிலிருந்து வரும் ரென்னெட்டுக்குக் "குடலுறை" என்றும் சொல்லலாம். நொதி என்றால் உயிரியின் உடலிலிருந்து வருவது, ஆகையால் அசைவம். காடி என்றால் சைவம். மூலத்தின் வரி பிழையற்றது.

மற்றொன்று. "பனீர்" பாரசீகச் சொல். அதைப் "பன்னீர்" என்று கடைப்பலகைகளில் எழுதுவது, பனிநீரிலிருந்து வந்த நம் பன்னீரை, கல்யாண வாசலில் தெளிக்கும் அந்த நறுநீரை, பாற்கட்டியாக்கிவிடுகிறது. கையேட்டில் ஒற்றை னகரம் போதும்.

அனுப்பியவர்: பால்வள நுட்பர், திருப்பரங்குன்றம்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். னகரத்தில் உடன்படுகிறேன், நொதியில் உடன்பட இயலவில்லை. நடப்பது என்னவென்று தெரிந்தால் சொல்லும் எளிதில் வரும்.

பாலிலுள்ள கேசின் புரதம் நுண்ணிய உருண்டைகளாக மிதக்கிறது. ஒவ்வோர் உருண்டையின் மேற்பரப்பிலும் கப்பா-கேசின் மயிர்போல நீண்டு நின்று, உருண்டைகளை ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் தடுக்கிறது. ரென்னெட்டில் இருக்கும் கைமோசின் என்ற நொதி அந்த மயிரை வெட்டிவிடுகிறது. பால் புளிக்க வேண்டியதே இல்லை. 30 முதல் 35 டிகிரி வெதுவெதுப்பில் அசைக்காமல் வைத்திருந்தால், பாலிலுள்ள கால்சியத்தின் துணையோடு உருண்டைகள் பிணைந்து, அரை மணி, முக்கால் மணி நேரத்தில் கத்தியால் அறுக்கத்தக்க கட்டியாகிவிடும்.

பனீரில் எதுவும் வெட்டப்படுவதில்லை. பாலை 90 டிகிரி வரை காய்ச்சும்போது, சீஸ் செய்கையில் தெளிநீரோடு வடிந்து போய்விடும் புரதங்கள் இங்கே வெந்து கேசினோடு ஒட்டிக்கொள்கின்றன. பிறகு சூட்டை 70 டிகிரிக்கு இறக்கி, ஒரு லிட்டருக்கு 2 கிராம் சிட்ரிக் அமிலம் என்ற அளவில், 200 மில்லி வெந்நீரில் கரைத்து, மெதுவாகக் கிளறிக்கொண்டே ஊற்ற வேண்டும். உருண்டைகளைப் பிரித்து வைத்திருந்த மின்னேற்றம் அமிலத்தால் தணிவதால், அவை கண்ணெதிரே குருணைகளாகத் திரண்டு இறங்கும். நீர் இளம்பச்சை கலந்த மஞ்சளாகத் தெளிந்தவுடன் அமிலத்தை நிறுத்திவிட வேண்டும். நீர் வெண்மையாகவே இருந்தால் அமிலமோ சூடோ போதவில்லை என்று பொருள். தெளிந்த பிறகும் ஊற்றினால் பனீர் புளித்து, அழுத்தும்போது உதிரும். கையேட்டில் இந்த அடையாளத்தைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

இனிச் சைவம். கன்றின் நான்காம் இரைப்பையிலிருந்து எடுப்பதுதான் பழைய ரென்னெட். பூஞ்சையிலிருந்து எடுக்கும் நொதியும், கன்றின் மரபணுவை நுண்ணுயிரில் ஏற்றி வளர்க்கும் கைமோசினும் இன்று உலகெங்கும் பயன்படுகின்றன. பின்னதற்கு அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டு ஒப்புதல் கிடைத்தது. நம் நாட்டு உணவுத் தர விதிகள் சீஸை வரையறுக்கும்போதே விலங்கு சாராத ரென்னெட் என்றுதான் சொல்கின்றன. இத்தாலியின் பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்ற சீஸுக்கோ கன்றின் ரென்னெட் கட்டாயம். எனவே பனீர் சைவம் என்பது சரி. சீஸ் அசைவம் என்ற பாதியை நீக்கிவிட வேண்டும்.

அனுப்பியவர்: சிற்றுண்டிக் கடை நடத்துபவர், திருமங்கலம்

பெரியவர்களுக்கு வணக்கம். சொல்லாராய்ச்சியில் எனக்குப் பழக்கமில்லை. சர்க்கரைக்கு நல்லது என்று கீழமாசி வீதி நாட்டுமருந்துக் கடையில் "பன்னீர்ப்பூ" வாங்கி ஊறவைத்துக் குடிக்கிறேன். ஆசிரியர் ஐயா பன்னீர் என்றதும் அதைத்தான் கேட்கிறார்களோ என்று நினைத்துவிட்டேன். அதைப் பாலில் போட்டால் பால் கட்டியாகும் என்று கடைக்காரர் சொன்னார். அப்படியானால் அது அமிலமா, குடலுறையா?

இன்னொரு ஐயம். பேரன் கேட்டானென்று தோசைக்கல்லில் சீஸ் துண்டை வைத்தேன். நூலாக இழுத்து உருகி ஓடிவிட்டது. பனீரை வைத்தபோது ஓரம் சிவந்ததே தவிர வடிவம் மாறவில்லை. உருகினால் அசைவம் என்று கண்டுகொள்ளலாமா?

அனுப்பியவர்: பால்வள நுட்பர், திருப்பரங்குன்றம்

அம்மா, உங்கள் பன்னீர்ப்பூ இந்த விவாதத்துக்கு மிகவும் தேவைப்பட்டது. அது விதானியா என்ற செடியின் காய். பாலைக் கட்டியாக்கும் நொதி அதில் இருக்கிறது. அமிலமும் இல்லை, குடலும் இல்லை. அது ஒன்றே "குடலுறை" என்ற சொல்லைச் செல்லாததாக்கிவிடுகிறது.

உருகுவதைக் கொண்டு சைவம் அசைவம் சொல்ல முடியாது. சீஸில் புரதங்களின் பிணைப்பு சூட்டில் தளர்வதால் உருகுகிறது; நொதி கன்றிலிருந்து வந்தாலும் பூஞ்சையிலிருந்து வந்தாலும் உருகுதல் ஒன்றுதான். ரென்னெட்டால் செய்தும் உருகாமல் நிற்கும் ஹலூமி என்ற சீஸும் இருக்கிறது. கட்டியைச் சூடான தெளிநீரில் வேகவைத்துவிடுவதுதான் காரணம். சீஸில் ரென்னெட்டின் மூலத்தைப் பொட்டலத்தின் மேல் படித்தோ, செய்தவரைக் கேட்டோதான் அறிய வேண்டும்.

அனுப்பியவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மேலூர்

பன்னீர்ப்பூவால் என் குடலுறை கெட்டது, ஒப்புகிறேன். ஆயினும் காடி நிற்கட்டும்.

அனுப்பியவர்: கல்லூரி விரிவுரையாளர், தல்லாகுளம்

காடி என்றால் மாணவிகள் புளித்த கஞ்சியை நினைப்பார்கள், இல்லையேல் வினிகரை. சிட்ரிக் அமிலப் பொட்டலத்தில் அமிலம் என்று இருக்கும்போது கையேட்டில் காடி என்று எழுதினால், எதை ஊற்றுவது என்ற குழப்பம் வரும். "திரட்டு" என்ற சொல்லை நான் முன்மொழிய இருந்தேன்; வீட்டில் கேட்டவுடன் திரட்டுப்பாலா என்றார்கள். அதைக் கைவிட்டேன். "அமில உறைவு", "நொதி உறைவு" என்று வைத்துவிட்டால் இணையாக இருக்கும்.

அனுப்பியவர்: பால்வள நுட்பர், திருப்பரங்குன்றம்

இணை அழகாக இருக்கிறது, ஆனால் தயிர் இடையில் நிற்கிறதே. உறைமோரிலுள்ள நுண்ணுயிர்கள் உண்டாக்கும் லாக்டிக் அமிலத்தால்தான் தயிரும் கட்டியாகிறது. அதுவும் அமில உறைவுதான். அசைக்காமல், மெல்லப் புளிப்பதால் வழவழப்பாக நிற்கிறது. பனீரில் கொதிசூடும் கிளறலும் சேர்வதால் குருணையாகிறது. அதனால் பனீருக்குத் "திரிவு", தயிருக்கும் சீஸுக்கும் "உறைவு" என்று பிரிப்பதே பொருந்தும்.

அனுப்பியவர்: மொழிபெயர்ப்பாளர், மதுரை

நால்வரில் மூவர் "அமிலத் திரிவு", "நொதி உறைவு" என்பவற்றை ஏற்றிருக்கிறார்கள். கடைக்கார அம்மா எதுவானாலும் சரி என்கிறார். "வேண்டுமென்றே திரியவைப்பதால் பால் கெடுவதில்லை" என்று அடுத்த வரியில் எழுதி, சீஸ் அசைவம் என்ற பகுதியை நீக்கி அனுப்பிவிட்டேன்.

அனுப்பியவர்: கல்லூரி விரிவுரையாளர், தல்லாகுளம்

நான் அந்த மூவரில் இல்லை. பனீரைத் "திரிந்த பால்" என்று அறிமுகப்படுத்திவிட்டு அதை விற்கச் சொன்னால், சந்தையில் யார் வாங்குவார்கள்?